குசினிக்குத் தனி மின்சுற்று: வயரும் பிறேக்கரும் தெரிவு செய்யும் முறை

2022ஆம் ஆண்டில் சமையல் எரிவாயு கிடைக்காமல் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. அந்த நாட்களில் இன்டக்ஷன் அடுப்பு வாங்கியவர்கள் பலர். மீளக்குடியேறிய இடங்களில் கேக், பணிஸ் செய்து விற்கும் பெண்கள் மின் ஓவனும் வாங்குகிறார்கள். பொருள் வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான் அதற்கு எந்த வயர், எந்த பிறேக்கர் என்ற கேள்வி வருகிறது. பெரும்பாலும் கடைக்காரரோ வயர்மனோ ஓர் அளவைச் சொல்ல, நாமும் அதை வாங்கிக்கொடுத்துவிடுகிறோம். அந்த அளவு எப்படி வருகிறது என்பதை இவ்விதழில் பார்ப்போம். வயரிங் வேலையைத் தகுதியுள்ள வயர்மன்தான் செய்ய வேண்டும். ஆனால், அவர் போடுவது சரியா என்று கேட்கும் அளவுக்கு வீட்டுக்காரருக்கும் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல வருடம் தறப்பாளின் கீழ் இருந்துவிட்டுக் கட்டிய வீட்டில் இன்னொருவரின் ஊகத்துக்கு இடமில்லை.

முதலில் ஒரு விடயம். மேசையில் வைத்துப் பாவிக்கும் ஒற்றை இன்டக்ஷன் அடுப்பு பொதுவாக 2000 வாற் எடுக்கும். 2000ஐ 230 வோல்ற்றால் பிரித்தால் 8.7 அம்பியர். நல்ல நிலையில் உள்ள 13 அம்பியர் பிளக் ஒன்று இதைத் தாங்கும். இதற்காக மட்டும் புதிய மின்சுற்று போடத் தேவையில்லை. ஆனால், அதே பிளக்கில் பல துவாரமுள்ள நீட்டு வயரைச் செருகி, அதில் கேத்தலையும் ஓவனையும் சேர்க்கக் கூடாது. உறவினர் வீட்டிலோ தற்காலிகக் கொட்டிலிலோ இருப்பவர்களுக்கும் இதையே சொல்வோம். அயல் வீட்டிலிருந்து மரத்தின் மேலால் இழுத்த மெல்லிய வயரில் மின்குமிழ் எரியலாம், அடுப்பு எரியக் கூடாது.

தனி மின்சுற்று தேவைப்படுவது இரட்டை அடுப்பும் ஓவனும் சேரும்போதுதான். அப்படி ஒரு வீட்டையே எடுத்துக்கொள்வோம்.

வன்னியில் திரும்பக் குடியேறிய ஒரு குடும்பம். வீட்டுக்கு 30 அம்பியர் ஒற்றை அவத்தை இணைப்பு. மெயின் சுவிச் முன் விறாந்தைச் சுவரில் இருக்கிறது. குசினி வீட்டின் பின்பக்கம். சுவர் வழியே அளந்தால் மெயின் சுவிச்சிலிருந்து 18 மீற்றர் வருகிறது. கூரை சீற். வீட்டுக்கார அம்மா பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்கு பணிஸ் கொடுக்கிறார். வாங்கியிருப்பது 3500 வாற் இரட்டை இன்டக்ஷன் அடுப்பும் 2400 வாற் ஓவனும். இந்த எண்கள் சாதனத்தின் பின்புறம் அல்லது அடியில் ஒட்டியுள்ள தகட்டில் இருக்கும். விற்பனையாளர் வாயால் சொல்வதை விட்டுத் தகட்டில் உள்ளதையே எடுக்க வேண்டும்.

இரண்டையும் கூட்டினால் 5900 வாற்.

5900 ÷ 230 = 25.7 அம்பியர்

இதுதான் முழுப் பாரம். இங்கே சில வயர்மன்மார் ஒரு சலுகை கொடுப்பார்கள். பிரித்தானிய வயரிங் முறையில், வீட்டுச் சமையல் சாதனங்களுக்கு முதல் 10 அம்பியரை முழுதாகவும் மீதியில் நூற்றுக்கு 30ஐயும் எடுத்தால் போதும் என்று ஒரு கணக்கு உண்டு. அப்படிப் பார்த்தால் 10 உடன் 15.7இன் 30 வீதமான 4.7 சேர்ந்து 14.7 அம்பியர்தான் வரும். 16 அம்பியர் பிறேக்கர் போதும் போலத் தோன்றும். இந்தக் கணக்கு பிழையானதல்ல. ஓவன் சூடானதும் தன்பாட்டில் நின்று நின்று எரியும், அடுப்பின் இரண்டு தட்டும் எப்போதும் முழு வேகத்தில் இருக்காது என்பதை வைத்துச் செய்யப்பட்டது அது. ஆனால், அது மூன்று நேரச் சமையல் செய்யும் வீட்டுக்குரியது. விடிய நான்கு மணிக்கு எழும்பி மூன்று தட்டு பணிஸ் சுட்டுக்கொண்டே அடுப்பில் சம்பலுக்கு வெங்காயம் வதக்குபவரின் குசினி வேறு. தொழிலுக்காகப் பாவிக்கும் இடத்தில் நாம் இந்தச் சலுகையை எடுக்க மாட்டோம். 25.7 என்றே வைத்துக்கொண்டு மேலே போவோம்.

பிறேக்கர் எதைக் காப்பாற்றுகிறது?

பலர் பிறேக்கர் அடுப்பைக் காப்பாற்றுவதாக நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் போகும் வயரை. வயரில் மின்சாரம் ஓடும்போது அது சூடாகும். சாதாரண பி.வி.சி. உறையுள்ள வயர் 70 பாகை செல்சியஸ் வரை நீடித்துத் தாங்கும். அதற்கு மேலே போனால் உறை இளகும், பின்னர் காய்ந்து வெடிக்கும். வயர் அந்தச் சூட்டை எட்டும் முன் மின்சாரத்தைத் துண்டிப்பதே பிறேக்கரின் வேலை.

எனவே மூன்று எண்கள் ஒரு வரிசையில் நிற்க வேண்டும். சாதனங்கள் எடுக்கும் மின்னோட்டம் முதலாவது. பிறேக்கரின் அளவு அதைவிடக் குறையக் கூடாது. வயர் தாங்கும் அளவு பிறேக்கரைவிடக் குறையக் கூடாது. இந்த வரிசை குழம்பினால் மற்றெல்லாம் வீண்.

கடையில் கிடைக்கும் பிறேக்கர்கள் 6, 10, 16, 20, 25, 32, 40 என்று போகும். நமது பாரம் 25.7. ஆகவே 25 போதாது. அதை மாட்டினாலும் உடனே விழாது என்பது உண்மைதான். தனது அளவுக்குச் சற்று மேலான மின்னோட்டத்தை ஒரு பிறேக்கர் நெடுநேரம் விட்டுக்கொண்டிருக்கும். அளவைவிட நூற்றுக்கு 45 கூடினால்கூட விழுவதற்கு ஒரு மணித்தியாலம் வரை எடுக்கலாம். ஆனால், நாள்தோறும் எல்லையில் வேலை செய்யும் பிறேக்கர் சூடேறி, ஒரு நாள் மாவு பொங்கி நிற்கும் நேரத்தில் விழும். அடுத்த அளவான 32ஐ எடுக்கிறோம்.

மாலை வேளையில் எமது கிராமங்களில் வோல்ற்றளவு குறைவது வழமை. 200 வோல்ற்றுக்கு இறங்கினால் ஓவனின் சூட்டுக்கம்பி குறைவாகவே இழுக்கும், ஏறக்குறைய 9 அம்பியர். ஆனால், சில இன்டக்ஷன் அடுப்புகள் வாற்றைக் குறைய விடாமல் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொள்ளும். 3500ஐ 200ஆல் பிரித்தால் 17.5 அம்பியர். இரண்டும் சேர்ந்து 27க்குள் நிற்கிறது. 32இல் இதற்கும் இடம் உண்டு.

வயரின் அளவு

நமது கடைகளில் வயரை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்று சதுர மில்லிமீற்றர் அளவு. மற்றது 7/0.67, 7/0.85, 7/1.04 என்ற அளவு. 7 என்பது உள்ளே உள்ள கம்பி இழைகளின் எண்ணிக்கை, பின்னால் வருவது ஒவ்வோர் இழையின் விட்டம் மில்லிமீற்றரில். 7/0.67 என்றால் 2.5 சதுர மில்லிமீற்றர், 7/0.85 என்றால் 4, 7/1.04 என்றால் 6.

சுவர்மேல் பொருத்திய குழாய்க்குள் தனி வயர்களாகப் போகும்போது, சுற்றுப்புறச் சூடு 30 பாகை என்ற நிலையில், 2.5 வயர் 24 அம்பியர் தாங்கும். 4 வயர் 32, 6 வயர் 41, 10 வயர் 57. இவை செப்பு வயருக்குரிய அட்டவணை அளவுகள்.

இதைப் பார்த்ததும் 32 அம்பியர் பிறேக்கருக்கு 4 வயர் சரியாகப் பொருந்துகிறதே என்று தோன்றும். கடையிலும் அதையே தருவார்கள். பிழை நேர்வது இந்த இடத்தில்தான். அட்டவணையின் 30 பாகை எங்கள் கூரைக்குள் இல்லை. பங்குனி, சித்திரை வெயிலில் சீற்றுக்குக் கீழே மதிய வேளையில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அங்கே 45 பாகை என்று வைத்துக்கொண்டால், வயர் தாங்கும் அளவை 0.79ஆல் பெருக்கிக் குறைக்க வேண்டும். 50 பாகை என்றால் 0.71. நிழலான வெளிச்சுவரில் 35 பாகை என்றால் 0.94.

45 பாகைக்குப் பார்ப்போம். 4 வயர்: 32 × 0.79 = 25.3 அம்பியர். பிறேக்கரின் 32 ஒரு பக்கம் இருக்க, சாதனங்களின் 25.7ஐயே அது எட்டவில்லை. 6 வயர்: 41 × 0.79 = 32.4 அம்பியர். மயிரிழையில் தப்புகிறது. கூரைக்குள் 50 பாகை ஏறுமானால் 6 வயரும் 29க்கு இறங்கிவிடும், அப்போது 10 வயர் போட வேண்டும்.

10 வயரின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதைவிட நல்ல வழி, குழாயைக் கூரைக்குள் கொண்டுபோகாமல் தாழ்வாரத்தின் கீழ் நிழலான சுவரோடு இறக்கிக் கொண்டுபோவது. அங்கே 6 வயர் 41 × 0.94 = 38.5 அம்பியர் தாங்கும். சில மீற்றர் நீளம் கூடினாலும் மனநிம்மதி உண்டு. எலித் தொல்லையும் குறைவு, ஏதாவது நடந்தால் கண்ணுக்கும் தெரியும். ஆகவே இந்த வீட்டுக்கு நாம் சொல்வது: 32 அம்பியர் பிறேக்கர், 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், நிழற்சுவர் வழி. ஏர்த் வயரையும் அதே அளவில் போட்டால் தனிக்கணக்குத் தேவையில்லை.

தூரத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம். நீண்ட குழாயின் கடைசியில் தண்ணீரின் வேகம் குறைவதுபோல நீண்ட வயரின் கடைசியில் வோல்ற்று குறையும். 6 வயரில் ஒரு மீற்றருக்கு ஓர் அம்பியருக்கு 7.3 மில்லிவோல்ற் இழப்பு. 18 மீற்றர், 25.7 அம்பியர் எனப் பெருக்கினால் 3.4 வோல்ற். 11.5 வோல்ற் வரை ஏற்கத்தக்கது. ஆகவே இங்கே தூரம் ஒரு பிரச்சினையல்ல. குசினி 60 மீற்றருக்கு அப்பால் இருந்தால்தான் இந்தக் கணக்கு வயரின் அளவை மாற்றும்.

பிறேக்கரை மாற்றிய கதை

பல வீடுகளில் நடப்பது இது. ஏற்கெனவே 2.5 வயரும் 16 அம்பியர் பிறேக்கரும் உள்ள பிளக் சுற்றில் புதிய அடுப்பையும் ஓவனையும் இணைக்கிறார்கள். பிறேக்கர் அடிக்கடி விழுகிறது. நத்தாருக்கு முதல் நாள், கேக் ஓர்டர் நிறைய இருக்கும் நேரம். யாரோ ஒருவர் 32 பிறேக்கரை வாங்கிவந்து மாட்டிவிடுகிறார். பிறகு விழுவதேயில்லை. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

கூரைக்குள் நடப்பதை எண்ணிப்பாருங்கள். அங்கே 2.5 வயர் தாங்குவது 24 × 0.79 = 19 அம்பியர். ஓடுவதோ 25.7. சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 25.7ஐ 19ஆல் பிரித்து, வரும் எண்ணை அதனாலேயே பெருக்கினால் ஏறக்குறைய 1.8. 19 அம்பியரில் வயர் 45இலிருந்து 70க்கு 25 பாகை ஏறும். இப்போது ஏறுவது 25 × 1.8 = 45 பாகை. அதாவது வயர் 90 பாகையில் நிற்கிறது. முதல் நாளே தீப்பிடிக்காது. உறை மாதக்கணக்கில் காய்ந்து வெடித்து, ஒரு நாள் இரண்டு வயர்கள் ஒன்றையொன்று தொடும். பிறேக்கர் விழுந்தால் அது பழுது என்று எண்ண வேண்டாம். பாரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது வயரை மாற்ற வேண்டும். பிறேக்கரை மட்டும் பெரிதாக்கக் கூடாது.

ஆபத்து வரும் முன் சில அடையாளங்கள் தெரியும். பிளக்கின் முகம் பழுப்பேறும். செருகியைக் கழற்றினால் அதன் கால்கள் தொட முடியாமல் சுடும். மீன் வாடை போன்ற ஒரு மணம், சமையலில் மீன் இல்லாத நாளிலும் வரும். இது சூடேறிய பிளாஸ்திக்கின் வாடை. அப்போது மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு வயர்மனை அழைப்பதே வழி.

30 அம்பியர் இணைப்புப் போதுமா?

குசினிக்கு 25.7 போனால் மீதி 4.3 அம்பியர்தான். விளக்கு, விசிறி, சிறிய குளிர்சாதனப்பெட்டி இதற்குள் அடங்கலாம். கிணற்று மோட்டர் அடங்காது. ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஏறக்குறைய 6 அம்பியர் எடுக்கும், தொடங்கும்போது அதைவிடப் பல மடங்கு. ஆகவே ஓவனும் அடுப்பும் எரியும் நேரத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க முடியாது. பணிஸ் சுட்ட பிறகு மோட்டரைப் போடலாம். இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால் மூன்று அவத்தை இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

குசினியின் 32 பிறேக்கர் வீட்டின் 30 இணைப்பைவிடப் பெரிது என்பதையும் கவனித்திருப்பீர்கள். பாரம் கூடினால் குசினி மட்டும் நிற்காமல் முழு வீடும் இருளலாம். இது பிடிக்காதவர்கள் ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு போடலாம். அடுப்பு 15.2 அம்பியர், அதற்கு 20 பிறேக்கரும் 4 வயரும். ஓவன் 10.4 அம்பியர், அதற்கு 16 பிறேக்கரும் 2.5 வயரும். இரண்டையும் வேறு வேறு குழாயில் கொண்டுபோக வேண்டும். ஒரே குழாயில் நெருக்கினால் ஒன்றின் சூடு மற்றதைத் தாக்கி, தாங்கும் அளவு நூற்றுக்கு 20 குறைந்துவிடும். ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும் என்பதால், தொழில் செய்பவர்களுக்கு இதுவே மேல் என்பது எமது எண்ணம். பெட்டியில் இரண்டு பிறேக்கருக்கு இடம் வேண்டும், வயர் நீளமும் இரட்டிப்பாகும்.

ட்ரிப் சுவிச்சும் ஏர்த்தும்

எங்கள் வீடுகளில் ஏர்த் என்பது முற்றத்து மண்ணில் அடித்த கம்பிதான். ஓவனின் உடம்பில் மின்சாரம் கசிந்தால் அது அந்தக் கம்பி வழியே மண்ணுக்குப் போகும். கம்பிக்கும் மண்ணுக்கும் இடையிலான தடை 20 ஓம் என்று வைத்தால் 230 ÷ 20 = 11.5 அம்பியர்தான் போகும். 32 பிறேக்கர் இதைக் கண்டுகொள்ளாது, ஓவனின் உடம்பு மின்னேறியபடியே நிற்கும். ஆடி, ஆவணியில் மண் வறண்டால் தடை இன்னும் கூடும். இந்த நிலையில் உயிரைக் காப்பது 30 மில்லிஅம்பியர் கசிவிலேயே விழும் ட்ரிப் சுவிச் ஒன்றுதான். புதிய சுற்று கட்டாயம் அதன் ஊடாகவே போக வேண்டும். சமைக்கும்போது ட்ரிப் சுவிச் விழுகிறது என்று அதைச் சுற்றி நேரே இணைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்ய எவரையும் விட வேண்டாம். விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓவனின் சூட்டுக்கம்பியில் ஏறிய ஈரமாக இருக்கும். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள், உடனே விழ வேண்டும்.

கடையிலும் வேலை முடிந்த பின்பும்

6 வயர் என்று சொல்லி மெலிந்த வயரையும், செப்பு பூசிய அலுமினியத்தையும் விற்பதுண்டு. வாங்கும்போது ஒரு சாண் துண்டு கேட்டுப் பெறுங்கள். உள்ளே ஏழு இழைகள் இருக்க வேண்டும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளேயும் சிவப்பாக இருக்க வேண்டும், வெள்ளை தெரிந்தால் அது செப்பு அல்ல. உறையை நீக்கி 10 சென்ரிமீற்றர் கம்பியை நகைக்கடைத் தராசில் வைத்தால் 6 வயர் ஏறக்குறைய 5.3 கிராம் காட்டும், 4 வயர் 3.5 கிராம். நகைக்கடைக்காரர் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

ஒரே சுற்றாகப் போட்டால் குசினிச் சுவரில் 45 அம்பியர் குக்கர் சுவிச் ஒன்று வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே வைக்காமல், தீப்பற்றினாலும் கை எட்டும்படி பக்கவாட்டில், 2 மீற்றருக்குள் வைப்பது நல்லது. இந்த இரட்டை அடுப்பைச் சாதாரண 13 அம்பியர் பிளக்கில் செருகக் கூடாது, 15.2 அம்பியர் அதன் அளவைத் தாண்டியது.

வேலை முடிந்ததும் வயர்மனை அனுப்பிவிடாதீர்கள். அவர் இருக்கும்போதே பெரிய பாத்திரங்களில் தண்ணீர் வைத்து இரண்டு தட்டையும் முழு வேகத்தில் விட்டு, ஓவனையும் ஒரு மணித்தியாலம் எரியவிடுங்கள். பின்னர் குக்கர் சுவிச்சின் முகத்தையும் பிறேக்கரின் முகப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் உள்ளே திருகாணி ஒன்று இறுகவில்லை. மெயினை நிறுத்தி, அவரைக் கொண்டே ஒவ்வொரு திருகாணியையும் மீண்டும் இறுக்குவியுங்கள். ஏழு இழை வயர் அமுங்கி இடம்கொள்வதால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறையும் இறுக்க வேண்டிவரும். அதற்கும் சேர்த்தே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள்.